போலீஸ் சொல்வது ஒன்று, வீட்டார் சொல்வது வேறு: காவல் மரணச் செய்தியை மலையிலிருந்து எழுத ஒரு முழு வழிகாட்டி

விசாரணைக்கு அழைத்துப் போன ஒருவர் இறந்துவிட்டார். "நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், வழியிலேயே உயிர் போய்விட்டது" என்கிறது காவல் நிலையம். "அடித்தே கொன்றுவிட்டார்கள்" என்கிறது குடும்பம். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ இருக்கும் நிருபர் பெரும்பாலும் என்ன செய்கிறார் என்றால், இரண்டையும் ஆளுக்கு ஒரு பத்தியாக எழுதி அனுப்பிவிடுகிறார். பார்க்க நடுநிலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை, நாளைக்கு இரண்டு பத்தியில் எது பொய்யானாலும் நமக்கும் பொறுப்பு இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாரை நம்புவது என்று முதல் நாளே முடிவு செய்யச் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் சொல்வதைச் சின்னச் சின்னக் கூற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இந்தச் சண்டை வருமென்று தெரியாத யாரோ ஒருவர் எழுதி வைத்த பதிவோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

விளக்குவதற்கு ஒரு சம்பவத்தை நானே கற்பனையாக அமைத்துக்கொள்கிறேன், உண்மையில் நடந்ததல்ல. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். லயன் வீட்டில் இருக்கும் 35 வயதுத் தொழிலாளி. தொழிற்சாலையில் மோட்டார் காணாமல் போன விஷயமாக விசாரணை. வியாழக்கிழமை காலை 11 மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கைது செய்ததாகவும், மதியம் 1 மணிக்கு நெஞ்சுவலி என்று சொன்னதாகவும், அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் இறந்ததாகவும் போலீஸ் சொல்கிறது. புதன்கிழமை இரவே சீருடை இல்லாத இரண்டு பேர் ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், வியாழன் காலை ஸ்டேஷனில் பார்த்தபோது அவரால் நிற்கவே முடியவில்லை, பிணவறையில் பார்த்தபோது உடம்பெல்லாம் காயம், நகத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று மனைவியும் தம்பியும் சொல்கிறார்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்து நேரக்கோடு போடுங்கள்

நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் போலீஸ் சொல்லும் நேரங்கள், வலப்பக்கம் குடும்பம் சொல்லும் நேரங்கள். எழுதி முடித்ததுமே ஒன்று கண்ணில் படும்: இரண்டு தரப்பும் எல்லாவற்றிலும் முரண்படுவதில்லை. நம் உதாரணத்தில் ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனது, வியாழன் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனது, இரண்டையும் இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறது. சண்டை இருப்பது மூன்று இடத்தில்தான். எப்போது பிடித்தார்கள், உயிர் எப்போது போனது, காயம் எப்படி வந்தது.

இந்த மூன்றில் முதல் கேள்வியைத்தான் முதலில் துரத்த வேண்டும். காரணம் இருக்கிறது. காயம் எப்படி வந்தது என்பதற்குப் பதில் வர மாதங்கள் ஆகலாம், ஆனால் எப்போது பிடித்தார்கள் என்பதை இரண்டு மூன்று நாளில் நீங்களே ஏறக்குறைய நிறுவிவிடலாம். புதன் இரவே பிடித்தது உறுதியானால், வியாழன் 11 மணி என்று எழுதிய கைதுக் குறிப்பு சரியில்லை என்று ஆகிறது. அப்புறம் அந்த இடைப்பட்ட பல மணி நேரம் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்விக்குக் காவல்துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்கிறது. அதனால்தான் கைது நேரம் தள்ளிப் போடப்படுகிறது. "அவர் கைதியே இல்லை, விசாரணைக்கு வந்தார், அனுப்பிவிட்டோம்" என்ற வாதமும் இங்கிருந்துதான் வருகிறது.

குடும்பத்திடம் எப்படிக் கேட்பது

கேமராவை வெளியே எடுக்காமல் போய் உட்காருங்கள். கூட்டமாக இருக்கும்போது கேட்டால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வார், கடைசியில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி ஆகிவிடும். அதில் பொய் இல்லை, துக்க வீட்டில் அப்படித்தான் நடக்கும். அதனால் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் "நேரில் பார்த்தது" என்றோ "கேள்விப்பட்டது" என்றோ குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் கேட்கும்போது "எத்தனை மணி?" என்று கேட்டால் உத்தேசமாகத்தான் வரும். லயனில் இருக்கும் அம்மாவுக்குக் கடிகாரத்தைவிட வேறு அடையாளங்கள் துல்லியமாக ஞாபகம் இருக்கும். கடைசி பஸ் போய்விட்டதா, ரேஷன் கடை பூட்டியாச்சா, இலை எடை போட்டுவிட்டு வந்தாச்சா, கரண்ட் போயிருந்ததா என்று கேளுங்கள். இவை ஒவ்வொன்றையும் வெளியே போய்ச் சரிபார்க்க முடியும். "கடைசி பஸ் இறங்கி வந்தவங்கதான் ஜீப்பைப் பார்த்தாங்க" என்று மனைவி சொன்னால் உங்களுக்கு ஒரு நேரமும் கிடைத்தது, தேடிப் போக இரண்டு மூன்று சாட்சிகளும் கிடைத்தார்கள்.

போன்களைப் பாருங்கள், அவர்கள் சம்மதத்தோடு. ஆள் போன உடனே மனைவி யாருக்கோ போன் பண்ணியிருப்பார், தம்பிக்கு, தொழிற்சங்கத்துக்காரருக்கு, இல்லாவிட்டால் 112-க்கே. அந்த அழைப்புப் பட்டியலில் இருக்கும் நேரத்தை யாரும் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. புதன் இரவு 8.20-க்குத் தம்பிக்கு அழைப்பு, 8.40-க்குச் சங்கத்துக்காரருக்கு அழைப்பு என்று இருந்து, அந்தச் சங்கத்துக்காரரும் "போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க" என்று தனியாக உங்களிடம் உறுதி செய்தால், போலீஸ் சொல்லும் 11 மணிக்கு எதிரே கனமான ஒன்று வந்துவிட்டது. வீடியோ எதாவது இருந்தால் எடுத்த போனிலிருந்தே அசல் கோப்பை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்ததில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் அழிந்திருக்கும்.

லயன் வீடு எஸ்டேட் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது. சாட்சி சொன்னவருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போகலாம். தாயகம் திரும்பிய குடும்பங்கள், பழங்குடிக் குடும்பங்கள், நிலப் பட்டா இல்லாதவர்கள் எல்லோருக்கும் இதே நிலைமை. அதனால் சாட்சியின் வீட்டு வாசலைக்கூடப் படத்தில் காட்டாதீர்கள். "அந்த வரிசையில் மூன்றாவது வீட்டில் இருக்கும் பெண்" என்று எழுதினால் பேர் போட்டதற்குச் சமம்.

பதிவு எங்கே கிடைக்கும்

ஊரில் நடந்திருந்தால் எதிர்க் கடை சிசிடிவி இருக்கும். சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் இறந்தபோது, கைது செய்யப்போனபோது அவர்களே தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கையில் இருந்தது. கடை வீதிக் கேமராப் பதிவில் அப்படி எதுவுமே இல்லை. அதே ஸ்டேஷனுக்குள் இருந்த கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்பது விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் சொல்லித்தான் வெளியே வந்தது. 2025-ல் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தபோது நிலைமையை மாற்றியதும் ஒருவர் மறைவிலிருந்து போனில் எடுத்த சில விநாடிக் காட்சிதான்.

எஸ்டேட்டில் இதெல்லாம் கிடையாது. மஞ்சு இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவரே தெரியாது, பல இடத்தில் சிக்னலும் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் வேறு பதிவுகள் உண்டு. மஸ்டரில் காலையில் பேர் கூப்பிடுகிறார்கள், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், மாலையில் இலை எடை போட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். புதன் மாலை அவர் பேரில் எடை விழுந்திருக்கிறது, வியாழன் காலை மஸ்டரில் ஆப்சென்ட். இது மட்டும் எதையும் நிரூபிக்காது, ஒருவர் வேலைக்கு வராமல் பஸ் நிறுத்தத்தில் நிற்கலாம்தான். ஆனால் அந்த ஆப்சென்டை எழுதிய மேஸ்திரியிடம் "ஏன் வரலைன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். 11 மணிக்கு முன்னாலேயே "போலீஸ் கூட்டிட்டுப் போயாச்சு" என்று லயனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், 11 மணிக் கைது நிற்காது.

காவல்துறைப் பக்கம் கேட்க வேண்டிய முக்கியமான காகிதம் கைதுக் குறிப்பாணை. 1996-ல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்னபடி அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்பான ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். அந்தச் சாட்சி யார் என்று கண்டுபிடித்துப் பேசுங்கள். "நான் ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன், பஸ் நிறுத்தத்துக்கே போகலை" என்று அவர் சொன்னால் அதுவே ஒரு செய்தி. முதல் தகவல் அறிக்கை பல நேரம் eservices.tnpolice.gov.in தளத்தில் ஏறிவிடும், ஏறாவிட்டால் குடும்பத்தின் வழக்கறிஞர் வழியாக வாங்கலாம். அதில் சம்பவ நேரம், புகார் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். மோட்டார் திருட்டுப் புகாரே வியாழன் மதியம்தான் பதிவாகியிருந்தால், காலை 11 மணிக்கு எந்த வழக்கில் கைது செய்தார்கள்?

ஸ்டேஷன் கேமராப் பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொன்னது. அந்தப் பதிவு நிருபருக்குக் கிடைக்காது. ஆனால் அதைப் பாதுகாக்கச் சொல்லிக் குடும்பம் எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் முதல் நாளே எழுத்தில் மனு கொடுத்ததா என்பதை நீங்கள் கேட்டு எழுத முடியும். அந்த மனு பதிவாகிவிட்டால், பின்னால் "கேமரா பழுது" என்று சொல்லும்போது எந்தத் தேதியிலிருந்து பழுது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

ஆஸ்பத்திரிப் பதிவும் உடலும்

இங்கேதான் நிறைய நிருபர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கொண்டு வந்தது யார், எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார்கள், வரும்போது உயிர் இருந்ததா என்று அதில் இருக்கும். இறந்த பிறகு கொண்டு வந்தால் அப்படியே எழுதுவார்கள். நம் உதாரணத்தில் மதியம் 1.50-க்கு வருகை, வரும்போதே உயிர் இல்லை, கை கால் தாடை விறைத்திருந்தது என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு வரி பெரிய விஷயம். இறந்த பிறகு உடல் விறைக்கத் தொடங்கவே பொதுவாக ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும், முழுக்க விறைக்க இன்னும் பல மணி நேரம். குளிர் இதைத் தாமதப்படுத்தும். சமவெளியைவிடக் கோத்தகிரிக் குளிரில் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். அப்படியிருக்க, 1 மணிக்கு நெஞ்சுவலி வந்து வழியில் இறந்தவர் 1.50-க்கு முழுசாக விறைத்திருப்பது கணக்குக்கு இடிக்கிறது. ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் உடம்பு கடுமையாகப் போராடியிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ விறைப்பு சீக்கிரம் வரும். அதனால் "காலையிலேயே இறந்துவிட்டார்" என்று நீங்களாக எழுதக் கூடாது. பதிவேட்டில் இருப்பதை அப்படியே எழுதி, இந்த வழக்கில் சம்பந்தப்படாத ஒரு சட்ட மருத்துவப் பேராசிரியரிடம் இந்த நேரங்களை மட்டும் சொல்லி, பேர் ஊர் சொல்லாமல், கருத்து வாங்கிப் போடுங்கள்.

குடும்பம் சொல்வதையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். பிணவறையில் தம்பி பார்த்தது என்ன? முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு, விரல் நுனியெல்லாம் கறுப்பு. பார்த்தவர் யாராக இருந்தாலும் அடித்த காயம், நகம் பிடுங்கிய ரத்தம் என்றுதான் நினைப்பார். ஆனால் இறந்த உடலில் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும், மல்லாந்து கிடந்த உடலின் முதுகு அதனாலேயே அந்த நிறத்துக்கு வரும். மூச்சு முட்டியும் இதயம் நின்றும் போனவர்களின் நகம் நீலம் பாரித்திருக்கும். தேங்கிய ரத்தமா, கன்றிய காயமா என்பதை மருத்துவர் அந்த இடத்தைக் கீறிப் பார்த்துத்தான் சொல்வார். காயம் என்றால் ரத்தம் சதைக்குள் ஊறி உறைந்திருக்கும், கழுவினாலும் போகாது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்பக்கம் மாதிரி இடங்களில் அடித்தது மேலே பெரிதாகத் தெரியாது, கீறிப் பார்க்காமல் விட்டால் அறிக்கையிலும் வராது. தடி மாதிரி உருளையான ஒன்றால் அடித்தால் இரண்டு இணைகோடுகளும் நடுவில் வெளிறிய பட்டையுமாகத் தடம் விழும், தவறி விழுந்தால் அப்படி விழுவதில்லை. அறிக்கை கையில் வந்ததும் இந்த இடங்களைத் தேடிப் படியுங்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "இதயச் செயலிழப்பு" என்று ஒரு சொல் இருப்பதை வைத்து "மாரடைப்பால் மரணம், அறிக்கையில் தகவல்" என்று தலைப்புப் போடாதீர்கள். சாகும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. முதல் அறிக்கையில் பெரும்பாலும் உள்ளுறுப்பு ரசாயன ஆய்வு வரும் வரை கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது என்றுதான் இருக்கும். அப்படியானால் செய்தியிலும் காரணம் இன்னும் சொல்லப்படவில்லை என்றே எழுதுங்கள். காயங்களின் பட்டியல் வேறு, அவை சாவதற்கு முன் வந்தவையா பின் வந்தவையா என்பது வேறு, சாவுக்குக் காரணம் வேறு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர் அடியின் வேதனையிலும் பயத்திலும் இறப்பதும் நடக்கும், அப்போது போலீஸ் சொன்ன நெஞ்சுவலியும் குடும்பம் சொன்ன அடியும் இரண்டுமே உண்மையாக இருக்கும்.

பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இன்னும் விவரமாகச் சொன்னது: குடும்பம் முதலில் உடலைப் பார்க்க விட வேண்டும், மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த, சட்ட மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அறிக்கையைக் குடும்பத்துக்குத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். மலைத் தாலுகா மருத்துவமனையில் இந்த வசதி இருக்காது, அதனால் உடல் ஊட்டிக்கோ கோவைக்கோ போக வேண்டியிருக்கும். எங்கே, யார் உத்தரவில், எத்தனை மணிக்கு உடலை எடுத்தார்கள், கூடப் போனது யார் என்பதைக் குறித்து வையுங்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் இரவோடு இரவாக மலை இறக்கியிருந்தால் அதுவும் செய்தியில் வர வேண்டும்.

காவல்துறையிடம் கேட்பது

"உங்க தரப்பு என்ன சார்?" என்று போனில் கேட்டால் ஒரு பொதுவான பதில் வரும், அது எதற்கும் உதவாது. நேரக்கோட்டில் ஓட்டை இருக்கும் இடங்களை வைத்து ஏழெட்டுக் கேள்வி எழுதி இன்ஸ்பெக்டருக்கும் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பிய நேரம் பதிவாகும்படி. புதன் இரவு 8 மணி முதல் வியாழன் காலை 11 மணி வரை அவர் எங்கே இருந்தார்? கைதுக் குறிப்பாணையில் சாட்சி யார்? கைதுக்குப் பிறகு மருத்துவர் பரிசோதித்தாரா, எத்தனை மணிக்கு? நெஞ்சுவலி என்று சொன்னதும் 108-க்குக் கூப்பிட்டீர்களா, இல்லை என்றால் ஏன்? காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமே, எப்போது தெரிவித்தீர்கள்?

பதில் வந்தால் முழுசாகப் போடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும். வராவிட்டால் எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று போடுங்கள். போலீஸ் தரப்பு ஒரே தரப்பு என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் இன்ஸ்பெக்டர் வாயால் சொன்னது, முதல் தகவல் அறிக்கை, பத்திரிகைக் குறிப்பு, எஸ்.பி. பேட்டி நான்கும் நான்கு பதிப்புகள். ஒவ்வொன்றையும் தேதி, மணியோடு தனியாக வைத்திருங்கள். முதலில் "வழுக்கி விழுந்தார்", அப்புறம் "வலிப்பு", அப்புறம் "நெஞ்சுவலி" என்று மாறினால், மாறியதே வாசகருக்குச் சொல்ல வேண்டிய உண்மை.

அவர் மேல் பழைய வழக்கு இருக்கிறது என்று கேட்காமலே ஒரு பட்டியல் உங்களுக்கு வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு அடிதடி வழக்கு இருந்தது என்பதால் ஒருவர் காவலில் எப்படி இறந்தார் என்பது மாறிவிடாது. "பிரபல திருடன்" என்று தலைப்பில் போட்டுவிட்டால் அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. தண்டனை கிடைத்ததா, விடுதலையா, வழக்கு நிலுவையா என்று தெரியாமல் அந்தப் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள்.

முதல் நாள் எழுதுவது

"என்று கூறப்படுகிறது" என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் தேடி எடுத்துவிடுங்கள். கூறியது யார், அவர் பார்த்தாரா, எப்போது சொன்னார் என்று எழுதுங்கள். "அடித்துக் கொலை", "மாரடைப்பில் மரணம்" இரண்டுமே முதல் நாள் தலைப்புக்கு ஆகாது. இப்படி ஆரம்பிக்கலாம்:

"கோத்தகிரி அருகே போலீஸ் காவலில் இருந்த 35 வயது எஸ்டேட் தொழிலாளி வியாழக்கிழமை இறந்தார். அன்று காலை 11 மணிக்குக் கைது செய்ததாகக் காவல்துறை சொல்கிறது. முந்தைய நாள் இரவே வீட்டிலிருந்து கூட்டிச் சென்றதாக அவர் மனைவி சொல்கிறார். புதன் இரவு 8.40-க்கு அவர் மனைவி இது பற்றித் தனக்குப் போன் செய்ததாகத் தொழிற்சங்க நிர்வாகி ஒருவர் தெரிவித்தார், அழைப்புப் பதிவிலும் அந்த நேரம் உள்ளது. மதியம் 1.50-க்குக் கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மரணத்தின் காரணத்தை மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை."

இதில் ஒரு வார்த்தைகூட யார் மேலும் குற்றம் சாட்டவில்லை, ஆனால் எந்தத் தரப்புக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. நகம் பிடுங்கியதாகத் தம்பி சொன்னதை முதல் நாள் நான் போட மாட்டேன். அது பிரேதப் பரிசோதனை வீடியோவிலும் அறிக்கையிலும் ஒரே பார்வையில் சரிபார்க்கக் கூடிய விஷயம். அது தவறாகிப் போனால், மனைவி சொன்ன புதன் இரவு என்ற உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிட அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரங்கள்

காவல் மரணம் என்றால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176-வது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 196-வது பிரிவு. உறவினர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், விசாரணையின்போது அவர்கள் கூட இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. "ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உத்தரவு" என்று மட்டும் அறிவிப்பு வந்தால், மாஜிஸ்திரேட் விசாரணை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆர்.டி.ஓ. வருவாய்த்துறை அதிகாரி, நீதிபதி அல்ல. இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா என்றும் பாருங்கள். மலையில் காவல் என்றால் போலீஸ் காவல் மட்டும் இல்லை, வனத்துறை அலுவலகத்தில் பிடித்து வைத்தாலும் இதே கேள்விகள்தான்.

வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதில் குழப்பம் வேண்டாம். நீலகிரி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்குள் வருகிறது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. மறு பிரேதப் பரிசோதனை கேட்டோ, விசாரணையை வேறு அமைப்புக்கு மாற்றக் கேட்டோ குடும்பம் போனால் அங்கேதான் போகும். அரசுத் தரப்பு தாக்கல் செய்யும் பதில் மனுவில் கைது நேரம் என்னவென்று பிரமாண வாக்குமூலமாக எழுதியாக வேண்டும். அந்த மனுவின் நகலை வாங்கி, உங்கள் நேரக்கோட்டுத் தாளின் இடப்பக்கத்தில் புதிய வரியாக எழுதுங்கள்.

இதற்கு நடுவில் குடும்பம் பேச்சை மாற்றலாம். நிவாரணம், அரசு வேலை, உறவினர் மூலமாகச் சமாதானம், சில நேரம் மிரட்டல். உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்தவர்கள் திடீரென்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லாமல், முதலில் என்ன சொன்னார்கள், இப்போது என்ன சொல்கிறார்கள், நடுவில் யார் வந்து போனார்கள் என்று மட்டும் எழுதுங்கள். முதல் நாள் பதிவு செய்த பேச்சைத் தேதியோடு இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஆனால் அவர்களைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள்.

உள்ளுறுப்பு ஆய்வு முடிவு மாதக்கணக்கில் கழித்து, யாரும் கேட்காத ஒரு நாளில் வரும். அதற்குள் ஊரே மறந்திருக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்ற எழுத்தரிடமும் குடும்பத்தின் வழக்கறிஞரிடமும் மாதம் ஒரு முறை கேட்டு வாருங்கள், உயர் நீதிமன்ற வழக்கின் எண்ணை வாங்கி ecourts.gov.in தளத்தில் அடுத்த வாய்தாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் முதல் நாள் எழுதிய செய்தியை எடுத்து வைத்து, அதில் எந்த வரி நின்றது, எந்த வரி விழுந்தது என்று சொல்லும் ஒரு செய்தியை, முதல் நாள் கொடுத்த அதே இடத்தில், அதே அளவில் கொடுங்கள்.